புடவை கவுண்டரில் முதல் அரை நிமிடம்: ஒரு பயிற்சி பிபிடியைத் திருத்திய கதை

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காட்டும் பிபிடியைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான்கு மாடி, புடவைக்கு மட்டும் ஒரு தனி மாடி, தீபாவளி நேரத்தில் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது, அப்படிப்பட்ட கடை என்று தெரிந்தால் போதும். நான் 16 வருடம் புடவை கவுண்டரில் நின்றவன். இப்போது கடைகளுக்குப் போய்ப் புதுப் பிள்ளைகளைப் பழக்கி விடுகிறேன். அந்தக் கடையில் நான் பார்த்ததும் மாற்றியதும் மாற்ற முடியாமல் போனதும் இதில் இருக்கிறது. இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய பிபிடி

ஏற்கெனவே இருந்த பிபிடியில் 42 ஸ்லைடு. வெளியூர் கம்பெனி ஒன்று மால் கடைகளுக்காகச் செய்ததைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். வேலைக்குச் சேரும் முதல் நாள் காலை, மேல் மாடி ஸ்டாக் ரூமில் பண்டல்களுக்கு நடுவே புரொஜெக்டரை வைத்து ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டி விடுவார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் பரமக்குடி, மானாமதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கத்திலிருந்து வந்தவர்கள். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்தவர்கள். பலருக்கு அதுவே வீட்டை விட்டு வந்த முதல் நாள். ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த 42-இல் மூன்றாவது ஸ்லைடு வரவேற்பு. அதை அப்படியே தருகிறேன்: "வணக்கம் மேடம். எங்கள் நிறுவனத்திற்கு வருகை தந்தமைக்கு நன்றி. தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?" கீழே ஒரு குறிப்பு: இரு கைகளையும் கூப்பி, புன்னகையுடன், கண்ணைப் பார்த்துச் சொல்லவும். அடுத்த ஸ்லைடில், வாடிக்கையாளரின் பட்ஜெட்டை முதலிலேயே கேட்டறிந்து நேரத்தை மிச்சப்படுத்தவும் என்று இருந்தது. இருபத்தி ஏழாவது ஸ்லைடு, பணி நேரத்தில் எக்காரணம் கொண்டும் அமரக் கூடாது என்றது.

கடையில் எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான். புதுப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியவில்லை, வாங்க வந்தவர்களும் வாங்காமல் போகிறார்கள். பேசத் தெரியாமல் இல்லை என்பது எனக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. கவுண்டரில் வாயே திறக்காத ஒரு புதுப் பையன் சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்டல் கதையைச் சொல்லி எட்டுப் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். கவுண்டருக்கு வந்தால்தான் வாய் கட்டிப் போகிறது. ஏன் என்று பார்க்க, பிபிடியை மூடி வைத்துவிட்டு மூன்று நாள் புடவை மாடியில் தூணோரம் நின்றேன்.

தூணோரம் நின்று பார்த்தது

இரண்டாம் நாள் காலை 11 மணி இருக்கும். ஒரு அம்மா, அவருடைய மகள், கூடவே சித்தி முறை ஆகும் இன்னொருவர். மூவரும் படியேறி வந்ததும், வேலைக்குச் சேர்ந்து நாலு நாளே ஆன ஒரு பையன் கை கூப்பி அந்த மூன்று வரியையும் தடங்கல் இல்லாமல் சொன்னான். அந்த அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாருக்கோ சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். அவனுக்கும் அது புரிந்தது, முகம் சுருங்கியது. மூவரும் மெத்தைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"உங்க பட்ஜெட் என்ன மேடம்?"

"காட்டுங்க, பாப்போம்."

"இல்ல மேடம், பட்ஜெட் சொன்னீங்கன்னா அதுல காட்டுறேன்."

அம்மா சித்தியைப் பார்த்தார். பக்கத்தில் வேறு இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. "ஒரு மூவாயிரத்துல காட்டுங்க" என்றார், குரல் தணிந்து.

பையன் சொன்னதைச் செய்தான். மூவாயிரம் ரூபாய் அடுக்கிலிருந்து மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து விரித்தான். இருபது நிமிடத்தில் 14 புடவை. எதையும் மடித்து எடுக்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்தப் பெண் ஆறாவதாக விரித்த ஒரு கிளிப்பச்சையைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அதன் மேல் மூன்று விழுந்து மூடிவிட்டது. பிறகு அவள் கண் பக்கத்து கவுண்டரில் தொங்கிய ஒரு மாம்பழ மஞ்சள் பட்டிலேயே போய்ப் போய் நின்றது. பையன் அதைக் கவனிக்கவில்லை. அவன் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அம்மா எழுந்தார். "பாத்துட்டு வர்றோம்பா." பையன் அந்தக் குவியலைப் பார்த்து மூச்சு விட்டான். அது அவர் காதில் விழுந்தது.

நான் படிக்கட்டு வரைக்கும் கூடப் போனேன். "என்னங்கம்மா, அமையலையா?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்கு நிச்சயத்துக்கு எடுக்க வந்தோம் தம்பி. எடுத்த எடுப்புலயே காசக் கேட்டா, அத்தன பேரு முன்னால எம்புட்டுன்னு சொல்றது? கம்மியாச் சொன்னா கம்மியாவே காட்டுறாரு. கூடக் காட்டுன்னு அப்புறம் எப்படிக் கேக்கறது?"

நிச்சயதார்த்தப் புடவை. மூவாயிரத்தோடு நிற்கிற வாங்கல் அது இல்லை என்பது புடவை கவுண்டரில் ஒரு வருடம் இருந்த எவருக்கும் தெரியும். அந்தப் பையனுக்கு நிச்சயம் என்ற சொல்லே காதில் விழவில்லை, ஏனென்றால் அவன் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எந்த ஸ்லைடும் அவனுக்குச் சொல்லவில்லை. 42 ஸ்லைடில் எங்கேயும் "யாருக்கு?" என்ற கேள்வியே இல்லை.

வாங்க

நான் எழுதிய புது பிபிடியில் 11 ஸ்லைடுதான். முதல் ஸ்லைடில் ஒரே சொல்: "வாங்க."

தமிழில் வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் சொல் இதுதான், கடைக்கு வந்தவருக்கும் இதுதான். கை கூப்பி வணக்கம் சொல்வது மேடையிலும் பெரிய மனிதரிடமும் சரி. புடவை எடுக்க வந்தவரிடம் சொன்னால், அவர் விருந்தாளியாக இல்லாமல் விழாவுக்கு வந்தவராக ஆகிவிடுகிறார், பதிலுக்கு அவரும் கை கூப்ப வேண்டியிருக்கிறது. "வாங்க" என்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வரலாம்.

அடுத்த ஸ்லைடு, எப்படிக் கூப்பிடுவது என்பது. இதில்தான் புதுப் பிள்ளைகள் மிகவும் தடுமாறுவார்கள். பழைய பிபிடியில் எல்லோருக்கும் மேடம், சார். ஆனால் உசிலம்பட்டிப் பையன் வாயில் மேடம் என்ற சொல் ஒட்டவே ஒட்டாது, அது இல்லாமல் பேசச் சொன்னால்தான் அவன் முகம் தெளியும். அதற்காக முறை வைத்துக் கூப்பிடு என்று பொதுவாக விட்டுவிடவும் முடியாது. முறை வயதைச் சொல்லிவிடும். 19 வயதுப் பிள்ளை 35 வயதுப் பெண்ணை அக்கா என்றால் சரி, ஆன்ட்டி என்றால் அந்த வாங்கல் அங்கேயே முடிந்தது. 45 வயது சேல்ஸ்மேன் அதே பெண்ணை அக்கா என்றால் உறுத்தும், "வாங்கம்மா" என்றால் இயல்பாக இருக்கும். எழுபது வயதானவரையும் பாட்டி என்று கூப்பிட வேண்டாம், அம்மா போதும். ஆண்களுக்கு அண்ணன், ஐயா, சார் மூன்றுமே ஓடும். வந்தவரின் மதத்தையோ சாதியையோ உடையை வைத்து ஊகித்து அதற்கேற்ற முறை சொல்லிக் கூப்பிடவே கூடாது. நல்ல எண்ணத்தில் சொன்னாலும், உன்னை நான் எடை போட்டுவிட்டேன் என்றுதான் அது காதில் விழும்.

சந்தேகமாக இருந்தால் முறையே வேண்டாம். நம் மொழியில் மரியாதை "ங்க" என்ற விகுதியிலேயே இருக்கிறது. "வாங்க. உக்காருங்க. என்னங்க பாக்குறீங்க?" இதில் அக்காவும் இல்லை, மேடமும் இல்லை, மரியாதை குறையவும் இல்லை. இதைச் சொன்னபோது பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை, "அம்புட்டுதானாண்ணே?" என்று கேட்டாள். அம்புட்டுதான் என்றேன். அந்தக் கேள்வியிலிருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

இன்னொன்று: "என்ன வேணும்?" என்று கேட்காதே, "என்ன பாக்குறீங்க?" என்று கேள். வேணும் என்றால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது. பார்ப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கிளம்பும்போதும் இதே கவனம் வேண்டும். வாங்காமல் போகிறவரிடம் "சரி போங்க" வந்துவிடக் கூடாது. "போய்ட்டு வாங்க" என்ற சொல்லுக்குள் திரும்பவும் ஒரு வாங்க இருக்கிறது.

யாருக்குங்க, என்ன விசேஷம்ங்க

நான்காவது, ஐந்தாவது ஸ்லைடுகளுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நிச்சயதார்த்தக் குடும்பத்தையே எடுத்துக்காட்டாக வைத்தேன், பெயர் அடையாளம் இல்லாமல். ஒருமுறை நடந்தபடி, இன்னொரு முறை நடந்திருக்க வேண்டியபடி. இரண்டாவதில் உரையாடல் இப்படிப் போகும்:

"வாங்க, உக்காருங்க. யாருக்குங்க பாக்குறீங்க?"

"இந்தப் பிள்ளைக்குத்தான்."

"என்ன விசேஷம்ங்க?"

"நிச்சயம் வச்சிருக்கு."

"ரொம்ப சந்தோஷம்ங்க. காலையிலயா, சாயங்காலமா?"

இந்த மூன்று கேள்விக்குள் விலை எங்கேயும் இல்லை. ஆனால் எந்த அடுக்கில் கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. யாருக்கு என்றால் நிறமும் வயதும் வந்துவிடும். விசேஷம் தெரிந்தால் பட்டா, பட்டு மாதிரியா, காட்டனா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். காலையா சாயங்காலமா என்பது, விளக்கு வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிகிற நிறமா பகல் வெளிச்சத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பதற்கு. விசேஷம் எதுவும் சொல்லாதவர்களிடம் ஒரு கேள்வி போதும்: "கட்டிக்கவா, வச்சுக் குடுக்கவாங்க?" வைத்துக் கொடுக்க என்றால் ஒன்றாக இராது, ஐந்தோ பத்தோ வேண்டியிருக்கும், ஒரே விலையில் வேண்டும், நிறம் மட்டும் மாற வேண்டும். அவர்களை விலை அடுக்குக்கு நேராகக் கூட்டிப் போகலாம், அவர்களே விலையைச் சொல்லுவார்கள். தனக்கென்று எடுக்கிறவர்தான் விலை சொல்லக் கூசுவார்.

அப்புறம் எப்படி விலையைத் தெரிந்துகொள்வது? இரண்டு புடவையைச் சேர்த்து விரிக்க வேண்டும். நிச்சயத்துக்கு என்றால் ஒன்று நாலாயிரம் பக்கம், ஒன்று எட்டாயிரம் பக்கம். எது எவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டாம், சீட்டு தெரியும்படி முந்தியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தால் போதும். இனிமேல் பார்க்க வேண்டியது கையைத்தான். அந்த அம்மா முந்தியைத் தொட்டுவிட்டுச் சீட்டைப் பார்ப்பார். சீட்டைப் பார்த்த பிறகு கை திரும்பவும் கரைக்கு வந்தால் அந்த விலை அவருக்குச் சரி. சீட்டைப் பார்த்த கை மடிக்குத் திரும்பிவிட்டால் அது கூடுதல், பேசாமல் அதை மடித்து எடுத்துவிட வேண்டும். "இது கொஞ்சம் கூடங்க" என்று சொல்லி எடுக்கக் கூடாது. அவரால் முடியாது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கை விஷயத்தை ஸ்லைடில் எழுதினால் யாருக்கும் புரியாது. கடையிலேயே வேலை பார்க்கும் ஒரு அக்காவை மெத்தைக்கு எதிரே உட்கார வைத்து, கை மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்துப் போட்டோம். ஒன்றில் விரல் கரையில். மற்றதில் கை மடியில். பக்கத்தில் ஒரு வரி கூட எழுதவில்லை. பிள்ளைகளிடம் "இதுல எது வாங்குற கை?" என்று கேட்டேன். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அவர்களும் வீட்டில் அம்மாவோடு துணி எடுக்கப் போனவர்கள்தானே.

மெத்தையில் ஒரே நேரத்தில் ஐந்து புடவைக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது ஆறாவது ஸ்லைடு. நிறைய விரித்தால் நிறைய உழைக்கிறான் என்று மேற்பார்வையாளருக்குத் தோன்றும், ஆனால் குவியல் ஏற ஏற முன்னால் பிடித்தது அடியில் போய்விடுகிறது. அந்தப் பெண்ணின் கிளிப்பச்சைக்கு நேர்ந்தது அதுதான். பிடிக்காததை உடனே மடித்து ஓரம் தள்ள வேண்டும், பிடித்ததை இடது பக்கம் ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு ஒதுங்கிவிட்டால் விரிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடி முன்னால் கூட்டிப்போய்த் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். கூச்சப்படுகிற பெண்ணாக இருந்தால் நம் பழைய சேல்ஸ்மேன்கள் செய்வது போலத் தானே கொசுவி மேலே போட்டுக் காட்டலாம். அதைச் செய்யும் ஆண்கள் கையில் இருக்கும் நேர்த்தியை நான் இன்னும் மரியாதையோடு பார்க்கிறேன்.

"பாத்துட்டு வர்றோம்" என்றால் மூச்சு விடக் கூடாது, மடிக்கத் தொடங்கவும் கூடாது. "சரிங்க, பாத்துட்டு வாங்க. அந்த மாம்பழக் கலர் உங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, கவுண்டர் நம்பர் எழுதித் தர்றேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு. திரும்பி வருகிறவர்களில் பலர் எந்த மாடி, எந்த மூலை என்று தெரியாமல்தான் பக்கத்துக் கடையிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

சொல்லக் கூடாதது

மதுரையில் சுங்குடி கேட்காத நாள் கிடையாது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற பருத்திப் புடவை. "சாயம் போகுமா?" என்பது அதற்கு எல்லோரும் கேட்கும் கேள்வி. "போகவே போகாதுங்க" என்று புதுப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அதில் தப்பு எண்ணம் ஒன்றுமில்லை, நல்ல பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான். இரண்டு நாள் கழித்து வெள்ளை வேட்டியெல்லாம் சிவந்து போய், புடவையோடு ஒருவர் வந்து நிற்பார். ஆகவே ஏழாவது ஸ்லைடில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே எழுதிக் கொடுத்தேன்: "முதல்ல ரெண்டு மூணு தண்ணிக்குக் கொஞ்சம் சாயம் வருங்க. தனியா, உப்புப் போட்ட பச்சத் தண்ணியில அலசுங்க, நிழல்ல காயப் போடுங்க." இதைக் கேட்டு யாரும் வாங்காமல் போவதில்லை. சுங்குடி கட்டிப் பழகியவருக்கு அது தெரிந்ததுதான், புதிதாக வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

பட்டிலும் இதேதான். "சுத்தப் பட்டுங்களா?" என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று சொல்லக் கூடாது. சாஃப்ட் சில்க் என்ற பெயரில் வருவதில் உண்மைப் பட்டும் இருக்கிறது, பாலியஸ்டரும் இருக்கிறது. ஆர்ட் சில்க் என்பது பட்டே இல்லை. புதுப் பிள்ளைக்குத் தொட்டுச் சொல்லும் பழக்கம் வர வருடங்கள் ஆகும். அதுவரை சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்ல வேண்டும், மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-லிருந்து நடக்கும் சில்க் மார்க் முத்திரை இருந்தால் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் "சீனியரக் கேட்டுச் சொல்றேங்க" என்று எழுந்து போக வேண்டும். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் கையில் இல்லாததால்தான் பிள்ளைகள் பொய் சொல்லிவிடுகிறார்கள்.

திருப்பிக் கொடுக்க வருபவர்களைப் பற்றி ஒரு ஸ்லைடு வைத்தேன். பழையது, பில்லில் அச்சடித்த வரியைச் சுட்டிக் காட்டச் சொல்லியிருந்தது: விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள சரக்கைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்றும் இருக்கிறது. ஜரிகை இழுத்திருக்கும் புடவையோடு வருபவரிடம் அந்த வரியைக் காட்டிச் சண்டை போட்டால், கடைக்குத்தான் சட்டச் சிக்கல். புதுப் பிள்ளை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். "துவைச்சீங்களா?" என்பது மட்டும் முதல் கேள்வியாக வரக் கூடாது.

பில் கவுண்டரில் மொபைல் நம்பரைக் கட்டாயமாகக் கேட்கச் சொன்ன ஸ்லைடையும் எடுத்துவிட்டேன். நம்பர் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-இலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

எழுந்து நிற்க ஒரு ஸ்டூல்

எங்கள் பிள்ளைகள் சிரிப்பதே இல்லை என்பது முதலாளியின் பெரிய குறை. மூன்றாம் நாள் சாயங்காலம் 7 மணிக்கு நானும் அதைப் பார்த்தேன். காலையில் நன்றாகப் பேசிய ஒரு பெண் பிள்ளை, வந்தவர்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ரேக்கில் சாய்ந்தபடி நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மறுகாலின் மேல் வைத்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறாள். அவளிடம் புன்னகைக்கச் சொல்லி ஸ்லைடு போடுவது நியாயமே இல்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018-இல் வந்துவிட்டது, அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. ஆக, அமரக் கூடாது என்ற இருபத்தி ஏழாவது ஸ்லைடு சட்டத்துக்கே விரோதமானது. அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால், "உக்காந்தே பழகிட்டா கஸ்டமர் வந்தாலும் எந்திரிக்க மாட்டாங்களே" என்றார்.

நான் சொன்ன பதில் இதுதான். நம் வீட்டில் பெரியவர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? எழுந்து நிற்கிறோம். அதுதான் வரவேற்பு, வாயால் சொல்வது அப்புறம். நாள் முழுக்க நிற்கிறவர் வாடிக்கையாளர் வந்ததும் எப்படி எழுந்து நிற்க முடியும்? ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரிடமிருந்து அந்த மரியாதை வந்தவருக்குத் தெரியவே வழியில்லை. அவர் யோசித்துவிட்டு, புடவை மாடிக்கு மட்டும் முதலில் 12 ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஒன்பதாவது ஸ்லைடில் படம் ஒன்றுதான்: ஸ்டூலிலிருந்து பாதி எழுந்த நிலையில் ஒரு பிள்ளை, மேலே "வாங்க" என்ற சொல். இந்த 11-இல் எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு அது.

காட்டிய விதம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுவதை நிறுத்தினோம். கடை திறக்கும் முன் 15 நிமிடம், ஐந்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று ஸ்லைடு. காட்டி முடித்ததும் ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கவுண்டர் என்று நடித்துப் பார்ப்பது. பிறகு அன்று முழுக்க ஒரு சீனியரோடு நிற்பது. மறுநாள் காலை, நேற்று சொன்னதில் நேற்று என்ன நடந்தது என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழிலேயே எழுதினேன், ஸ்லைடுக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை. ஒரு சின்ன விஷயம், இதைச் செய்பவர்களுக்கு உதவும்: பழைய பிபிடி பாமினி எழுத்துருவில் இருந்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடில் மாற்றித் தட்டினேன். பிள்ளைகளின் போனிலும் இப்போது அது திறக்கிறது. ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்று வார்டன் அம்மா சொன்னார்.

பிபிடியால் ஆகாதது

ஆடி முடிந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். "யாருக்குங்க?" பழகியிருந்தது, நான் பார்த்த எல்லா கவுண்டரிலும் காதில் விழுந்தது. எழுந்து நிற்பதும் பெரும்பாலும் நடந்தது. ஐந்து புடவைக் கணக்குதான் உடைந்து போயிருந்தது, சனி, ஞாயிறு கூட்டத்தில் யாராலும் மடிக்க முடியவில்லை. அது புரிகிறது. மடிக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும், ஸ்லைடு அதற்குப் பதிலாகாது.

புரிந்தும் ஏற்க முடியாதது வேறொன்று. தேங்கிப் போன பழைய சரக்கில் சில புடவைகளுக்கு, விற்றுக் கொடுத்தால் சேல்ஸ்மேனுக்குத் தனி இன்சென்டிவ் உண்டு. சீட்டின் மூலையில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். முதல் வாரம் "யாருக்குங்க?" என்று கேட்டுவிட்டுக் கேட்டதற்கேற்பக் காட்டிய பிள்ளை, இரண்டாவது வாரத்தில் சீனியரைப் பார்த்துப் பழகி, பதிலைக் கேட்டுவிட்டுப் புள்ளி வைத்த புடவையை முதலில் எடுத்து விரிக்கிறான். என் கண் முன்னால் நடந்தது, ஒரு பரமக்குடிப் பையன். நான் திட்டவில்லை. அவன் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன், அந்தப் புள்ளிக்குக் கிடைக்கும் ரூபாய் அவனுக்குப் பெரிது. ஆனால் நான் கற்றுக் கொடுத்த கேள்வி, வந்தவருக்கு ஏற்றதை எடுப்பதற்காக அல்லாமல், அவரை நிதானப்படுத்தித் தள்ள வேண்டியதைத் தள்ளுவதற்குப் பயன்படுகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலாளியிடம் போய்ப் பேசினேன். இன்சென்டிவை முழுக்க எடுக்க முடியாது, சரக்கு தேங்கினால் கடை நடத்த முடியாது என்றார். அதில் உண்மை இருக்கிறது, நானும் ஸ்டாக் ரூம் பார்த்தவன். ஒரு வழி சொன்னேன்: புள்ளிப் புடவைகளை எல்லாம் அடுக்குகளிலிருந்து எடுத்துத் தனியாக ஒரே கவுண்டரில் வைத்து, பழைய ஸ்டாக், விலை குறைவு என்று பலகை போட்டுவிடுங்கள். அங்கே விற்பதற்கு இன்சென்டிவ் இருக்கட்டும். வாங்குபவருக்கும் தெரிந்தே வாங்கட்டும். நிச்சயத்துக்கு எடுக்க வந்தவர் முன்னால் மட்டும் அது வந்து விழ வேண்டாம்.

யோசிக்கிறேன் என்றார். இந்தத் தீபாவளிக்கு முன்னால் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டரைக் காலி செய்திருக்கிறார்கள் என்று போன வாரம் மேற்பார்வையாளர் போனில் சொன்னார். பலகை இன்னும் எழுதவில்லையாம். பன்னிரண்டாவதாக ஒரு ஸ்லைடு வேண்டும், அந்தக் கவுண்டரில் நிற்கிற பிள்ளை வந்தவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னார். "வாங்க. இது போன வருச ஸ்டாக்குங்க, அதான் விலை கம்மி. பிரிச்சுப் பாத்து எடுங்க" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.